உடற்பயிற்சிக்குப் பிறகு இரத்த அழுத்தம்: ஒரு பிசியாலஜி செய்முறை அறிக்கையை எழுதுவது எப்படி

பிசியாலஜி செய்முறை அறிக்கைகளின் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "மனிதத் தவறாலும் கருவியின் குறையாலும் பிழைகள் ஏற்பட்டிருக்கலாம்." ஹீமோகுளோபின் பார்த்த சோதனைக்கும் இந்த வரி பொருந்தும், தவளையின் தசையைத் தூண்டிய சோதனைக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவதாலேயே படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. எந்தத் தவறு, எந்த எண்ணை, எந்தப் பக்கமாக, ஏறக்குறைய எவ்வளவு தள்ளியிருக்கும் என்று எழுதினால்தான் அது பிழை பற்றிய பேச்சு. அப்படி எழுத வேண்டுமானால் அதற்கான தயாரிப்பு நோக்கம் எழுதும்போதே தொடங்கிவிட வேண்டும். செய்முறையில் குறிக்காமல் விட்ட ஒன்றைக் கடைசியில் பிழையாக விவாதிக்க முடியாது.

இதை ஒரே ஒரு சோதனையை வைத்துப் பார்ப்போம். முதலாம் ஆண்டு மாணவர்கள் பலரும் செய்வதுதான்: மிதமான உடற்பயிற்சி நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எப்படி மாற்றுகிறது என்பது. ஒரு படிமேடை, ஒரு பி.பி. கருவி, ஸ்டெதாஸ்கோப், ஸ்டாப் வாட்ச் இருந்தால் போதும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் ஆரோக்கியமான ஓர் இளைஞரிடம் வரக்கூடிய எண்கள்தான்.

நோக்கம்: எதை அளந்தீர்களோ அதை மட்டும்

"உடற்பயிற்சியின்போது இரத்த அழுத்தத்தில் ஏற்படும் மாற்றங்களை ஆராய்தல்" என்று எழுதுவது வழக்கம். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவரின் கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தத்தைத் தெளிவாகக் கேட்பது கடினம். அவர் நிறுத்தி உட்கார்ந்த பிறகுதான் நீங்கள் அளந்தீர்கள். அப்படியானால் நீங்கள் ஆராய்ந்தது உடற்பயிற்சி முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை. இரண்டும் ஒன்றல்ல. பயிற்சி நின்ற அடுத்த சில நொடிகளிலேயே இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும்.

எனவே நோக்கத்தை இப்படி எழுதலாம்: "ஆரோக்கியமான ஓர் இளைஞரிடம், 3 நிமிடப் படியேற்றப் பயிற்சி முடிந்த பின் 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து, ஓய்வுநிலை அளவுகளோடு ஒப்பிடுதல்." நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடம், என்ன பயிற்சி, எப்போது, எதோடு ஒப்பீடு என்ற நான்கும் இதற்குள் வந்துவிட்டன. அட்டவணையின் தலைப்புகளையும் இந்த வரியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை: மேனுவலைத் திருப்பி எழுதாதீர்கள்

மேனுவல் "கைப்பட்டையைக் கட்டவும், காற்றை அடிக்கவும்" என்று கட்டளையிடும். அறிக்கையோ நடந்து முடிந்ததைச் சொல்வது. "கட்டினோம், காற்றை ஏற்றினோம்" என்று இறந்த காலத்தில் எழுதத் தொடங்கினாலே ஒரு நன்மை தானாக வரும்: அன்று உண்மையில் என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். மேனுவல் 5 நிமிட ஓய்வு சொல்லியிருக்கும், நேரம் போதாமல் நீங்கள் 3 நிமிடம்தான் விட்டிருப்பீர்கள். அந்த 3 தான் அறிக்கையில் வர வேண்டும்.

நம் சோதனையின் செய்முறைப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சோதனைக்கு உட்பட்டவர் 18 வயது ஆண், உயரம் 168 செ.மீ., எடை 61 கிலோ. இதய நோய், ஆஸ்துமா எதுவும் இல்லை என்று கேட்டு உறுதிசெய்து, அவரது சம்மதம் பெற்றோம். சோதனைக்கு முந்தைய 2 மணி நேரத்தில் அவர் காபி, டீ குடிக்கவில்லை. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி 3 நிமிடம் உட்கார வைத்தோம். வலது மேற்கையில் கைப்பட்டையைக் கட்டி, முன்கையை இதய மட்டத்தில் மேசைமீது வைத்தோம். முதலில் ரேடியல் நாடியைத் தொட்டுப் பார்த்தபடி காற்றை ஏற்றி, நாடி மறையும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுதும் இறக்கினோம். பிறகு அதைவிட 30 மி.மீ. அதிகமாக ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்கினோம். முதல் ஒலி கேட்ட அளவை சிஸ்டாலிக் அழுத்தமாகவும், ஒலி முற்றிலும் மறைந்த அளவை டயஸ்டாலிக் அழுத்தமாகவும் எடுத்துக்கொண்டோம். ஓய்வுநிலையில் 2 நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்தோம். நாடியை 30 நொடி எண்ணி 2ஆல் பெருக்கினோம்.

பிறகு அவர் 30 செ.மீ. உயரப் படியில் நிமிடத்துக்கு 24 முறை வீதம் 3 நிமிடம் ஏறி இறங்கினார். வேகத்துக்கு மெட்ரோனோமை 96இல் வைத்தோம். பயிற்சியின்போது கைப்பட்டை காற்றில்லாமல் கையிலேயே இருந்தது. நிறுத்தியதும் அதே நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவர் இடது மணிக்கட்டில் நாடியை 15 நொடி எண்ண, அதே நேரத்தில் மற்றவர் வலது கையில் அழுத்தத்தை அளந்தார். முதல் அளவீட்டை 45ஆவது நொடியில் தொடங்கினோம்."

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். மெட்ரோனோம் ஏன் 96? ஒரு காலை மேலே வைப்பது, மறு காலை வைப்பது, முதல் காலை இறக்குவது, மறு காலை இறக்குவது என ஒரு சுற்றுக்கு நான்கு அடிகள். 24 சுற்றுக்கு 96. மெட்ரோனோமை 24இல் வைத்தார்களோ என்று படிப்பவர் குழம்பக் கூடாது. அதே போல, ஒலி மறைந்த அளவைத்தான் டயஸ்டாலிக்காக எடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும். பயிற்சிக்குப் பிறகு சிலரிடம் ஒலி மறையாமல் பூஜ்யம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது ஒலி மழுங்கிய அளவையும் சேர்த்து 138/64/0 என்பது போல மூன்று எண்களாக எழுத வேண்டும். எந்த ஒலியைப் பிடித்தீர்கள் என்று சொல்லாத டயஸ்டாலிக் எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு ஒப்பிட முடியாது.

முதலில் நாடியைத் தொட்டுப் பார்ப்பது எதற்கு என்றும் தெரிந்துகொள்வது நல்லது. சிலரிடம் முதல் ஒலிக்குப் பிறகு சத்தம் சிறிது நேரம் நின்று, கீழே வந்து மறுபடியும் தொடங்கும். போதுமான அளவு மேலே ஏற்றாமல் அந்த இடைவெளிக்குள் தொடங்கிவிட்டால், இரண்டாவதாக வரும் ஒலியை முதல் ஒலி என்று நினைத்து சிஸ்டாலிக்கைக் குறைவாகக் குறித்துவிடுவோம். நாடி மறையும் அளவு முன்பே தெரிந்தால் இந்தச் சிக்கல் வராது.

சோதனைக்கு உட்பட்டவரின் பெயர் அறிக்கைக்குத் தேவையில்லை. வயது, பாலினம், உயரம், எடை போதும்.

அட்டவணை: எண்ணியதும் இருக்கட்டும், கணக்கிட்டதும் இருக்கட்டும்

ரெக்கார்டு நோட்டில் கோடு போடாத பக்கம் இருப்பதே படத்துக்கும் அட்டவணைக்கும்தான். தாராளமாக இடம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் சோதனைக்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும். முதலில் ஓய்வுநிலை:

| அளவீடு | 30 நொடியில் எண்ணியது | நாடித்துடிப்பு (நிமிடத்துக்கு) | சிஸ்டாலிக் (மி.மீ. பாதரசம்) | டயஸ்டாலிக் (மி.மீ. பாதரசம்) |
|---|---|---|---|---|
| முதல் | 38 | 76 | 118 | 76 |
| இரண்டாவது | 37 | 74 | 114 | 74 |
| மூன்றாவது | 36 | 72 | 116 | 78 |
| சராசரி | | 74 | 116 | 76 |

அடுத்து, பயிற்சிக்குப் பின்:

| நிறுத்திய பின் (நிமிடம்) | 15 நொடியில் எண்ணியது | நாடித்துடிப்பு (நிமிடத்துக்கு) | சிஸ்டாலிக் | டயஸ்டாலிக் | நாடி அழுத்தம் | சராசரி தமனி அழுத்தம் |
|---|---|---|---|---|---|---|
| ஓய்வுநிலைச் சராசரி | | 74 | 116 | 76 | 40 | 89 |
| 1 | 29 | 116 | 142 | 72 | 70 | 95 |
| 3 | 24 | 96 | 128 | 74 | 54 | 92 |
| 5 | 21 | 84 | 120 | 74 | 46 | 89 |
| 10 | 19 | 76 | 116 | 76 | 40 | 89 |

(அழுத்தங்கள் எல்லாம் மி.மீ. பாதரசத்தில்.)

நாடி அழுத்தம் என்பது சிஸ்டாலிக்கிலிருந்து டயஸ்டாலிக்கைக் கழித்தால் வருவது. சராசரி தமனி அழுத்தம் என்பது டயஸ்டாலிக்கோடு நாடி அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் வருவது. அட்டவணைக்குக் கீழே ஒரு வரிசையையாவது கணக்கிட்டுக் காட்டுங்கள்:

142 − 72 = 70
72 + (70 ÷ 3) = 95.3, அதாவது ஏறக்குறைய 95

கால்குலேட்டர் 95.333 என்று காட்டும். அதை அப்படியே எழுதுவது, நாம் அளக்காத துல்லியத்தை அளந்ததாகச் சொல்வதாகும். பி.பி. கருவியின் அளவுகோலில் 2 மி.மீ.க்கு ஒரு கோடுதான் இருக்கிறது. அதிலிருந்து வந்த கணக்கில் தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கங்களுக்கு இடமில்லை.

எண்ணியது என்ற பத்தியைப் பலர் விட்டுவிடுவார்கள். 116 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு, அது ஒரு நிமிடம் முழுக்க எண்ணியதா, 15 நொடி எண்ணி 4ஆல் பெருக்கியதா என்று தெரியாது. பிழையைப் பற்றிப் பேசும்போது அந்த வித்தியாசம் பெரிதாக வரும்.

அட்டவணையில் ஒரு வேலை செய்யவே கூடாது: பாடப்புத்தகத்தை நினைத்து எண்களைத் திருத்துவது. டயஸ்டாலிக் குறைய வேண்டும் என்று படித்திருப்போம், நமக்குக் கூடியிருக்கும். கூடியதையே எழுதுங்கள். அது ஏன் என்று தேடும்போதுதான் கை மேசையில் இருந்ததா, மடியில் இருந்ததா என்ற கேள்வி எழும். திருத்திய எண் அந்தக் கேள்விக்கு வழியே இல்லாமல் செய்துவிடும். அளவீடுகள் எல்லாம் 110, 120, 130 என்று பூஜ்யத்திலேயே முடிந்தாலும் சரிபார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். 2 மி.மீ. கோடுகளைக் கவனமாகப் படித்தால் 0, 2, 4, 6, 8 எல்லாமே கலந்து வர வேண்டும்.

வரைபடம் போடுவதானால் கிடைமட்ட அச்சில் நேரத்தை உண்மையான இடைவெளியில் குறியுங்கள். 1, 3, 5, 10 ஆகியவற்றைச் சம இடைவெளியில் வைத்தால், கடைசி 5 நிமிடத்தில் நடந்த மெதுவான இறக்கம் உண்மையில் இருந்ததைவிட வேகமானதாகத் தெரியும். ஓய்வுநிலைப் புள்ளியையும் முதல் நிமிடப் புள்ளியையும் கோடு போட்டு இணைக்காதீர்கள். நடுவில் ஒரு பயிற்சி நடந்திருக்கிறது, அப்போது நாம் எதையும் அளக்கவில்லை. ஓய்வுநிலைச் சராசரியை ஒரு புள்ளிக்கோடாகக் குறுக்கே போட்டுவிட்டால் மற்ற புள்ளிகள் அதை நோக்கி இறங்குவது பளிச்சென்று தெரியும்.

பள்ளியில் காண்பன, அறிவன என்று தனித்தனியாக எழுதிய பழக்கம் இங்கே உதவும். முடிவுகள் பகுதியில் காண்பன மட்டும்: "முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு 74இலிருந்து 116 ஆக, அதாவது 57 சதவீதம் உயர்ந்தது. சிஸ்டாலிக் 26 மி.மீ. உயர்ந்தது. டயஸ்டாலிக் 4 மி.மீ. குறைந்தது. 10ஆம் நிமிடத்தில் எல்லா அளவுகளும் ஓய்வுநிலையை ஒட்டி வந்தன." காரணம் எதுவும் இங்கே வேண்டாம்.

விவாதம்: காரணம் சொல்லும்போது அட்டவணையை விட்டு விலகாதீர்கள்

விவாதத்தில் பாடப்புத்தகத்தின் இரண்டு பக்கங்களை இறக்கிவைப்பது எளிது. தேவைப்படுவது அவ்வளவு இல்லை. அட்டவணையில் விளக்கம் கேட்கிற விஷயம் ஒன்றுதான்: சிஸ்டாலிக் 26 மி.மீ. ஏறியபோது டயஸ்டாலிக் ஏன் ஏறவில்லை?

பயிற்சியின்போது வேகஸ் நரம்பின் கட்டுப்பாடு தளர்ந்து, சிம்பதெடிக் நரம்புகளின் தூண்டல் கூடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வலுவாக வெளியேற்றுகிறது. அதனால் சிஸ்டாலிக் ஏறுகிறது. அதே நேரம் வேலை செய்யும் கால் தசைகளில் கார்பன் டைஆக்சைடு, பொட்டாசியம், அடினோசின் போன்றவை சேர்ந்து அங்குள்ள சிறு தமனிகளை விரியச் செய்கின்றன. இரத்தம் ஓடுவதற்கான மொத்தத் தடை குறைகிறது. இதயம் தளரும் நேரத்தில் இரத்தம் தமனிகளிலிருந்து எளிதாக வெளியேறிவிடுவதால் டயஸ்டாலிக் அதே அளவில் நிற்கிறது, அல்லது சற்றுக் குறைகிறது. சராசரி தமனி அழுத்தம் 89இலிருந்து 95க்கு, வெறும் 6 மி.மீ. மட்டுமே ஏறியிருப்பதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. படியேறுவதற்குப் பதிலாக ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி இருக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. அந்த வகைப் பயிற்சியில் டயஸ்டாலிக்கும் ஏறும்.

இங்கே வார்த்தையில் கவனம் தேவை. டயஸ்டாலிக் 4 மி.மீ. குறைந்தது என்பது முடிவு. ஆனால் ஓய்வுநிலையிலேயே அது 74க்கும் 78க்கும் நடுவே ஆடியது. 72 என்பது அந்த ஆட்டத்துக்கு வெளியே ஒரே ஒரு கோடு தூரம். ஆகவே "டயஸ்டாலிக் கணிசமாக மாறவில்லை, சற்றுக் குறைந்திருக்கலாம்" என்பதுதான் இந்த எண்கள் தாங்குகிற வாக்கியம். சிஸ்டாலிக்கில் அந்தத் தயக்கம் வேண்டாம். ஓய்வுநிலையில் அது 114 முதல் 118 வரை மட்டுமே ஆடியது, 142 அதைவிட வெகுதூரம் மேலே இருக்கிறது.

பிழைகள்: ஒவ்வொன்றையும் எண்களோடு மோதவிட்டுப் பாருங்கள்

பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த இரண்டு வகைகள் இங்கேயும் போதும். ஒழுங்கற்ற பிழை என்பது அளவைச் சில சமயம் மேலேயும் சில சமயம் கீழேயும் தள்ளும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அது குறையும். முறையான பிழை எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளும். எத்தனை முறை அளந்தாலும் போகாது. ஒரு பிழையை எழுதுவதற்கு முன் அது எந்த வகை, எந்தத் திசை, எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு, என் அட்டவணையை அது விளக்குகிறதா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் பெரும்பாலான அறிக்கைகளில் விடுபட்டுப் போகிறது.

நாடி எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். 15 நொடியில் 29 என்று எண்ணினோம். தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு துடிப்பு கூடக்குறைய ஆவது எல்லோருக்கும் நடக்கும். 4ஆல் பெருக்கும்போது அந்த ஒரு துடிப்பு நிமிடத்துக்கு 4 ஆகிவிடும். எனவே 116 என்பது உண்மையில் 112க்கும் 120க்கும் இடையில் எங்கோ. 42 துடிப்பு உயர்வுக்கு முன்னால் இது சின்ன விஷயம். ஆனால் 10ஆம் நிமிடத்தின் 76ஐப் பாருங்கள். ஓய்வுநிலை 74. "10 நிமிடத்துக்குப் பிறகும் முழுதாகத் திரும்பவில்லை" என்று எழுதக் கை வரும். வித்தியாசம் 2, பிழையோ 4. அந்த வாக்கியத்தை எழுத இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் ஒரு நிமிடம் முழுக்க எண்ணியிருக்கலாமே? ஓய்வுநிலையில் தாராளமாக எண்ணலாம். பயிற்சிக்குப் பிறகு அது வேறு பிழையைக் கொண்டுவரும். 1ஆம் நிமிடத்துக்கும் 3ஆம் நிமிடத்துக்கும் நடுவே நாடி 20 துடிப்பு இறங்கியிருக்கிறது. நிறுத்திய உடனே இறக்கம் இன்னும் வேகமாக இருந்திருக்கும். இப்படி ஓடிக்கொண்டே இறங்கும் ஒன்றை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால், கிடைப்பது அந்த நிமிடம் முழுவதற்குமான சராசரி. எந்தக் கணத்துக்கும் உரிய எண்ணாக அது இருக்காது. சுருக்கமாக எண்ணினால் ஒழுங்கற்ற பிழை, நீளமாக எண்ணினால் முறையான பிழை. நாம் 15 நொடியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம் என்று எழுதினால், அந்த ஒரு வாக்கியமே உங்களுக்குச் சோதனை புரிந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

அதே காரணத்தால் அட்டவணையின் முதல் வரிசையை "உடனே" என்று பெயரிடுவது தவறு. நாம் தொடங்கியது 45ஆவது நொடியில். உச்ச அளவு அதற்குள் கடந்து போய்விட்டது. இது ஒரு முறையான பிழை. திசையும் தெரியும்: உண்மையான உயர்வு நாம் கண்டதைவிட அதிகம்.

அடுத்து, காற்றை இறக்கும் வேகம். ஒலி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முறைதான் வரும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அழுத்தம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தூரம் நாம் கண்ணை மூடிக்கொண்டிருப்பதாகத்தான் கணக்கு. நாடி 74 இருக்கும்போது துடிப்புகளுக்கு இடையே ஏறக்குறைய 0.8 நொடி. நொடிக்கு 3 மி.மீ. இறக்கினால் துடிப்புக்கு 2.4 மி.மீ. போகும். நாடி 116 ஆனால் இடைவெளி பாதி நொடிதான், அதனால் அதே வேகத்தில் பிழை இன்னும் குறைய வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும், வால்வை அதிகம் திறந்துவிடுவார்கள். நொடிக்கு 6 மி.மீ. போனால் துடிப்புக்கு 3 மி.மீ. ஆகும். இதன் விளைவு எப்போதும் ஒரே மாதிரிதான்: முதல் ஒலியைத் தாமதமாகப் பிடிப்பதால் சிஸ்டாலிக் குறைவாகவும், ஒலி கேட்பது மேலேயே முடிந்துவிடுவதால் டயஸ்டாலிக் அதிகமாகவும் வரும். நாம் கண்ட மாற்றம் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. எனவே இந்தப் பிழை நடந்திருந்தாலும் நம் முடிவை உருவாக்கியது அதுவல்ல. அதிகபட்சம் அதைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டியிருக்கும்.

கை இருந்த மட்டம் இன்னும் சுவாரசியமானது. கைப்பட்டை இதய மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. இறங்கினால், இடையிலுள்ள இரத்தத்தின் எடையால் அளவு 7 முதல் 8 மி.மீ. வரை கூடும். களைத்து உட்கார்ந்தவர் கையை மடியில் போட்டுக்கொள்வது இயல்பு. நம் 26 மி.மீ. உயர்வில் இதற்குப் பங்கு இருக்குமா? அட்டவணையிலேயே பதில் இருக்கிறது. கை கீழே இருந்தால் சிஸ்டாலிக்கும் டயஸ்டாலிக்கும் ஒரே அளவு ஏறும், நாடி அழுத்தம் மாறாது. நமக்கோ டயஸ்டாலிக் ஏறவே இல்லை, நாடி அழுத்தம் 40இலிருந்து 70க்குப் போயிருக்கிறது. கை மட்டத்தால் அதை விளக்க முடியாது. வேறொரு குழுவின் அட்டவணையில் 124/84 என்பது போல இரண்டும் சேர்ந்து 8 ஏறியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கையின் மட்டத்தைத்தான்.

முள்ளுள்ள பி.பி. கருவியில் காற்றில்லாதபோதே முள் பூஜ்யத்தில் நிற்காமல் 4இல் நின்றால் எல்லா அளவிலும் 4 கூடியிருக்கும். 116 என்பது 112 ஆகவும், 142 என்பது 138 ஆகவும் இருக்க வேண்டும். ஆனால் வித்தியாசம் அப்போதும் 26தான். ஓய்வையும் பயிற்சியையும் ஒப்பிடும் சோதனையில் இந்தப் பிழை கழிபட்டுப் போய்விடும். இதை "உயர்வுக்குக் காரணமாக இருக்கலாம்" என்று எழுதினால் அது தவறான வாதம். இது கெடுப்பது தனித்தனி அளவுகளை மட்டும், அதாவது "இவருடைய இரத்த அழுத்தம் இயல்பானதா" என்ற கேள்வியை. கைப்பட்டை கைக்குச் சிறியதாக இருந்தாலும் எல்லா அளவுகளும் மேலே போகும். அதையும் ஒரு வரியில் சொன்னால் போதும்.

நம் அட்டவணையில் ஒரு குறை வெளிப்படையாகவே இருக்கிறது, ஆனால் எளிதில் கண்ணில் படாது. ஓய்வுநிலை நாடியை வரிசையாகப் படியுங்கள்: 76, 74, 72. இறங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு படியும் எண்ணும் பிழைக்குள் அடங்கக்கூடியதுதான். 30 நொடி எண்ணுவதில் ஒரு துடிப்பு என்பது நிமிடத்துக்கு 2. ஆனாலும் மூன்றும் ஒரே திசையில் போவதைப் பார்த்தால், 3 நிமிட ஓய்வு அவருக்குப் போதவில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. உண்மையான ஓய்வுநிலை 72 ஆகவோ அதற்கும் கீழாகவோ இருக்கலாம். அப்படியானால் உயர்வு 42 என்பது குறைத்துச் சொன்னது. 10ஆம் நிமிடத்தில் முழுதாகத் திரும்பினார் என்பதும் கொஞ்சம் ஆட்டம் காணும். இதற்கான திருத்தமும் தெளிவு: அடுத்த முறை குறைந்தது 5 நிமிடம் உட்கார வைத்து, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவரும் வரை பயிற்சியைத் தொடங்காமல் இருப்பது. "இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்" என்று எழுதுவதைவிட இப்படி எழுதினால் அடுத்துச் செய்பவருக்குக் கையில் ஏதாவது கிடைக்கும்.

சராசரி தமனி அழுத்தத்துக்கான சூத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இதயம் தன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சுருங்குவதிலும் இரண்டு பங்கைத் தளர்வதிலும் செலவிடுகிறது என்ற கணக்கில் வந்தது அது. ஓய்வுநிலைக்கு அது பொருந்தும். துடிப்பு வேகமாகும்போது தளரும் நேரம்தான் அதிகம் சுருங்குகிறது, அதனால் சூத்திரம் சராசரியைச் சற்றுக் குறைத்துக் காட்டும். முதல் நிமிடத்தின் 95க்குப் பக்கத்தில் இதை ஒரு வரியாகக் குறிப்பிடலாம்.

முடிவுரை: சோதித்தவரைத் தாண்டிப் போக வேண்டாம்

நாம் பார்த்தது ஒரே ஒருவரை, ஒரே ஒரு முறை. "உடற்பயிற்சி சிஸ்டாலிக் அழுத்தத்தை 26 மி.மீ. உயர்த்துகிறது" என்று எழுதினால் அது உலகத்தில் எல்லோரையும் பற்றிய வாக்கியம் ஆகிவிடும். இப்படி எழுதலாம்: "இந்த 18 வயது ஆணிடம், 3 நிமிடப் படியேற்றத்துக்கு 1 நிமிடம் கழித்து நாடித்துடிப்பும் சிஸ்டாலிக் அழுத்தமும் தெளிவாக உயர்ந்திருந்தன, டயஸ்டாலிக் அழுத்தம் கணிசமாக மாறவில்லை. அளவீட்டின் துல்லியத்துக்குள் பார்த்தால், 10 நிமிடத்தில் அளவுகள் ஓய்வுநிலைக்குத் திரும்பின." வகுப்பில் எல்லோருடைய அட்டவணைகளையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சராசரியையும், ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு ஒரே நிபந்தனைதான்: எல்லாக் குழுவும் ஒரே உயரப் படியில், ஒரே வேகத்தில் ஏறியிருக்க வேண்டும். முதல் அளவீட்டையும் எல்லோரும் அதே 45ஆவது நொடியில் தொடங்கியிருக்க வேண்டும்.